டிபெண்டென்சி: ‘சார்பு’ என்றால் எது எதைச் சார்ந்தது?

வங்கி இணைப்புத் திட்டக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழாக்குகிறேன். டிபெண்டென்சிக்குச் ‘சார்பு’ என்று போட்டேன். “வாடிக்கையாளர் அறிவிப்பு – கிளைக் குறியீடு: சார்பு” என்ற வரியைச் சிலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். ஒர்க்ஸ்ட்ரீமுக்கும் சொல் வேண்டும்.
– செ.

‘சார்பு’ போதுமே, மென்பொருளில் அப்படித்தானே எழுதுகிறோம். கணிதத்தில் அது ஃபங்ஷன் ஆகிவிட்டது என்பதுதான் தயக்கம் என்றால் ‘சார்புநிலை’ எனலாம்.
– மு.

மு. சொல்வது பாதி சரி. ஆனால் ‘நிலை’ சேர்த்தாலும் திசை தெரியாது. சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியோடு இணைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே எண்ணுள்ள கிளைகள் மோதாமல் இருக்க, சிண்டிகேட் கிளை எண்ணோடு 10000 கூட்டினார்கள்: SYNB0001234 என்ற ஐஎஃப்எஸ்சி குறியீடு CNRB0011234 ஆனது. பழைய குறியீடு 2021 ஜூன் 30 வரைதான் செல்லுபடியானது. ஆக, கிளைப் பட்டியல் இறுதியாகாமல் அறிவிப்புக் கடிதம் அச்சுக்குப் போக முடியாது. போனால் தவறான குறியீடு வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரும். அறிவிப்புக்குப் பட்டியல் ‘முன்தேவை’. இப்படிச் சொன்னால் தலைகீழாகப் படிக்க வழியில்லை.

குறிப்பில் இப்படி எழுதலாம்: “அறிவிப்புக் குழுவின் முன்தேவை: இறுதிக் கிளைப் பட்டியல். தருபவர்: தகவல் தொழில்நுட்பக் குழு. நாள்: மார்ச் 15. தருபவர் ஒப்புக்கொண்டார்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பெறுபவர் மட்டும் எழுதிவைத்த முன்தேவை, தருபவரின் வேலைப்பட்டியலில் இருக்காது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஓட்டை தெரிந்துவிடும்.
– ரா.

ஒருவர் கொடுக்க ஒருவர் வாங்குவதால் ‘கைமாற்று’ அழகாக இருக்காதா?
– லெ.

வங்கிக் குறிப்பில் ‘கைமாற்று’ என்று எழுதினால், யார் யாரிடம் கடன் வாங்கினார் என்று தணிக்கையாளர் கேட்பார்!
– ரா.

என்னிடம் பழைய சிண்டிகேட் காசோலைப் புத்தகம் இருக்கிறது. அதையும் முன்தேவையில் சேர்ப்பீர்களா?
– ப.

ஐயா, அதைக் கிளையில்தான் கேட்க வேண்டும். இங்கே சொல்தான் பேச்சு.
– செ.

முன்தேவை எனக்கும் சரி. ஆனால் இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்கவேண்டிய இடத்தில் அது பொருந்தாது. கிளை ஊழியருக்கான சுற்றறிக்கையும் வாடிக்கையாளர் குறுஞ்செய்தியும் ஒரே காலையில் போகவேண்டும். செய்தி முந்தினால், கேட்டு வருபவருக்குப் பதில் சொல்லக் கவுன்டரில் ஆளிருக்காது. அதற்கு ‘உடன்தேவை’ என்று வைத்தால்?

இன்னொன்று: “தகவல் பொறுப்பு: மனிதவளம்” என்று ஒரே பெயரில் முடிக்காதீர்கள். வரைபவர், ஒப்புதல் தருபவர், அனுப்புபவர் மூவரும் வேறு. கடிதம் பெரும்பாலும் ஒப்புதலில்தான் நிற்கும். அங்கே பெயர் இல்லாவிட்டால் யாரைத் துரத்துவது?
– தே.

‘உடன்தேவை’ எடுத்துக்கொள்கிறேன், நன்றி. ஒர்க்ஸ்ட்ரீமுக்குப் ‘பணிப்பிரிவு’ என்று போடட்டுமா?
– செ.

பிரிவு என்றால் அலுவலகத் துறை என்றே படிப்பார்கள். இது பல துறை ஆட்களைச் சேர்த்து, இணைப்பு முடிந்ததும் கலைந்துவிடுவது. ‘பணித்தடம்’ என் வாக்கு.
– ரா.

தடம் என்றால் நடந்து முடிந்த சுவடு அல்லவா? எனக்குப் ‘பணியோடை’.
– லெ.