பூட்ஸ்ட்ராப் படத்தில் மூன்று மேடு வருகிறது, அவசரம்

பென்னாகரத்துக்காரி: கிணற்று நீரில் ஃப்ளோரைடு அளந்தோம். சராசரிக்கு 95% நம்பிக்கை இடைவெளி வேண்டும். t வாய்பாட்டில் கீழ் எல்லை 0.28 வருகிறது, ஆனால் எந்தக் கிணற்றிலும் 0.6க்குக் குறைவில்லை. சரி என்று பூட்ஸ்ட்ராப் போட்டால் படத்தில் ஒட்டக முதுகு மாதிரி மேடு மேடாக வருகிறது. எங்கே தப்பு? நாளை கைடைப் பார்க்க வேண்டும்.

ஓசூர்_தம்பி: பூட்ஸ்ட்ராப் எந்த வெர்ஷன்? 5க்கு மாறினபோது என் மெனுவும் உடைந்தது.

மாங்கொட்டை: தம்பி, அது வலைப்பக்கம் கட்டுகிற பூட்ஸ்ட்ராப். இது இருக்கிற எண்களிலிருந்தே மறுபடி மறுபடி குலுக்கி எடுத்துச் சராசரி பார்ப்பது. அக்கா, எத்தனை கிணறு? எண்களைப் போடுங்கள்.

புள்ளிராஜா: தரவே இல்லாமல் கேள்வி. வழக்கம்தானே. 1,000 தடவைதான் ஓட்டியிருப்பீர்கள், 1,00,000 ஓட்டுங்கள், மேடு கரைந்துவிடும்.

பென்னாகரத்துக்காரி: மன்னிக்கவும். 9 கிணறு, மி.கி./லி.:

```r
x <- c(0.6,0.7,0.8,0.9,1.1,1.2,1.4,1.9,6.3)
m <- replicate(1e5, mean(sample(x, replace=TRUE)))
quantile(m, c(.025,.975))
```

இடைவெளி சுமார் 0.9 முதல் 2.9. ஒரு லட்சத்திலும் மேடு அப்படியே.

மாங்கொட்டை: R கோடு சரி. மேடு எல்லாம் அந்த 6.3 செய்கிற வேலை. மறுபடி எடுக்கும் 9 எண்களில் அது ஒருமுறையும் வராமல் போக (8/9)^9, அதாவது 35% வாய்ப்பு. ஒருமுறை வர 39%, இருமுறை வர 19%. ஒவ்வொரு முறை வரும்போதும் சராசரி 0.58 ஏறும். அதனால் மேடுகள் 1.1, 1.7, 2.2 பக்கம் நிற்கும். எத்தனை லட்சம் ஓட்டினாலும் கிணறு ஒன்பதுதானே.

புள்ளிராஜா: அப்போ 6.3ஐத் தூக்கிவிடுங்கள். இல்லையென்றால் மடக்கை எடுங்கள்.

மாங்கொட்டை: மடக்கை எடுத்துத் திருப்பினால் கிடைப்பது பெருக்கல் சராசரி. கேட்டது அது இல்லை. தூக்குவதற்கு முன் அது 0.63ஆ என்று ஆய்வகச் சீட்டைப் பார்க்க வேண்டாமா?

புள்ளிராஜா: விலகல் மதிப்பை நீக்குவது பாடத்திலேயே இருக்கிறது.

காரிமங்கலம்: அந்தத் தண்ணீரைக் குடிக்கிற வீட்டில் போய் அதைச் சொல்லுங்கள் சார். எங்கள் தெருவில் பாதிப் பேர் பல்லில் கறை.

பென்னாகரத்துக்காரி: சீட்டில் 6.3தான். ஆழமான போர்.

மாங்கொட்டை: அப்படியானால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 0.9–2.9ஐ முழுசாக நம்ப வேண்டாம். இவ்வளவு சாய்ந்த சிறு தரவில் அது 95%க்குக் குறைவாகவே உண்மையைப் பிடிக்கும், பெரும்பாலும் மேல்பக்கம் கோட்டை விடும். 6.3க்கு மேல் ஒரு கிணறு இருந்தால் பூட்ஸ்ட்ராப்புக்கு அது தெரியவே தெரியாது. பூட்ஸ்ட்ராப்-t கொஞ்சம் தேறும், ஆனால் மேல் எல்லை ரொம்ப நீளும். இடைநிலை போதும் என்றால் மறு மாதிரியே வேண்டாம். வரிசையில் 2ஆவது எண்ணும் 8ஆவது எண்ணும்தான் எல்லை: 0.7 முதல் 1.9. பிடிக்கும் வாய்ப்பு 96.1%. கிணறுகள் ஒன்றையொன்று சாராமல், குலுக்கி எடுத்தவையாக இருக்க வேண்டும். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

புள்ளிராஜா: குடிநீருக்கான 1.5 வரம்பு அதற்குள்ளேயே விழுகிறதே. அதை வைத்து என்ன முடிவு சொல்வது?

பென்னாகரத்துக்காரி: கைடு சராசரிதான் வேண்டும் என்கிறார். இரண்டையும் போட்டுவிட்டேன். பஸ் வந்துவிட்டது, நன்றி.

மாங்கொட்டை: கிணற்றை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று சொல்லவே இல்லையே?