ஸ்மார்ட் ஃபில்டரின் அளவைக் குறைத்தபின் வானத்தில் திட்டுகள் தெரிகின்றன: சரிசெய்ய வழி உண்டா?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விடியலுக்கு முன் ISO 6400-இல் எடுத்த படகுப் படம் ஒன்றை ஃபோட்டோஷாப்பில் திருத்தியுள்ளேன். அடி லேயரை `Convert for Smart Filters` கொடுத்து மாற்றி, முதலில் `Reduce Noise`, அதன்மேல் `Unsharp Mask` சேர்த்தேன். அதற்கு மேலே ஒரு வெற்று லேயரில், `Current & Below` தேர்ந்து, ஹீலிங் பிரஷ்ஷால் சென்சார் தூசிப் புள்ளிகளையும் பாய்மரத்தின் குறுக்கே சென்ற மின்கம்பியையும் நீக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலே கர்வ்ஸ் லேயர் உள்ளது.

12×18 அச்சுக்கு வானம் மெழுகு பூசியதுபோல் இருப்பதாக லேபில் சொன்னதால், `Reduce Noise`-இன் `Strength` அளவை 8-இலிருந்து 4-க்குக் குறைத்தேன். வானத்தில் இயல்பான துகள் திரும்பிவிட்டது. ஆனால் தூசி நீக்கிய ஒவ்வோர் இடமும் வழவழப்பான வட்டமாகத் தனித்துத் தெரிகிறது. முதலிலிருந்து தொடங்காமல் இதைச் சரிசெய்ய இயலுமா?

முதுநகர் லென்ஸ்:
இரண்டு லேயர்களையும் சேர்த்துத் தேர்ந்து ஒரே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டு, ஃபில்டர்களை அதன்மேல் போடுங்கள். ஹீலிங் ஃபில்டருக்கு உள்ளே போய்விடுவதால் சிக்கல் தீரும்.

புதுவை ஆல்பம்:
திருமண ஆல்பங்களில் முகத்தில் மட்டும் நாய்ஸ் நீக்கம் வேண்டும்போது, நான் ஃபில்டர் மாஸ்க்கில் மற்ற இடங்களைக் கறுப்பாக்கிவிடுவேன். நீங்களும் வானத்தைக் கறுப்பாக்கினால் துகள் அப்படியே இருக்குமே?

தேவனாம்பட்டினத்தார்:
காரணத்தை முதலில் பார்ப்போம். ஹீலிங் பிரஷ் அந்தக் கணத்தில் திரையில் இருந்த பிக்சல்களை, அதாவது `Strength` 8-இல் வழவழப்பாகிக் கூர்மையும் ஏறிய பிக்சல்களை, மேல் லேயரில் நகலெடுத்து வைத்துவிட்டது. கீழே ஃபில்டரை எவ்வளவு மாற்றினாலும் அந்த நகல் மாறாது. கர்வ்ஸ் லேயரில் பிக்சலே இல்லாததால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

எனவே முதுநகர் நண்பர் கூறும் அமைப்பு அடுத்த படத்துக்குச் சரியானதே. இந்தப் படத்தில் பழைய வழவழப்பு நகலும் சேர்ந்தே உள்ளே போகும். புதுவை நண்பர் கூறும் மாஸ்க், அந்த லேயரின் எல்லா ஸ்மார்ட் ஃபில்டர்களுக்கும் பொதுவானது. வானத்தைக் கறுப்பாக்கினால் கூர்மையும் சேர்ந்து மறையும், திட்டுகளோ அப்படியே இருக்கும்.

செய்ய வேண்டியது இது. ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் சிறுபடத்தை இருமுறை சொடுக்கினால், ஃபில்டர் படாத மூலம் தனிக் கோப்பாகத் திறக்கும். உங்கள் ஹீலிங் லேயரை `Shift` அழுத்தியபடி அதற்குள் இழுத்து விட்டால் அதே இடத்தில் வந்து அமரும். அதன் சிறுபடத்தை `Ctrl` அழுத்திச் சொடுக்கினால் திருத்திய இடங்கள் அனைத்தும் தேர்வாகும். தேர்வை நான்கைந்து பிக்சல் விரித்து, அந்த லேயரின் கண்ணை மூடி, அடி லேயரில் நின்று `Content-Aware Fill` கொடுத்து, வெளியீட்டைப் புதிய லேயருக்கு அனுப்புங்கள். `Ctrl+S` அழுத்தி மூடினால் மேலே உள்ள ஃபில்டர்கள் ஒட்டிய இடத்துக்கும் மற்ற வானத்துக்கும் ஒரே மாதிரி விழும். பிறகு வெளியே உள்ள பழைய ஹீலிங் லேயரை நீக்கிவிடலாம்.

இன்னொன்று: `Reduce Noise`-ஐத் திறந்து மாற்றும்போது, அதற்கு மேலுள்ள `Unsharp Mask` முன்னோட்டத்தில் சேராது. அங்கே மென்மையாகத் தெரியும் துகளைக் கூர்மை பின்னால் பெருக்கிக் காட்டும். ஆகவே `OK` கொடுத்தபின் 100% அளவில் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

புதுவை ஆல்பம்:
நான் ரா கோப்பையே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகத் திறப்பவன். இருமுறை சொடுக்கினால் கேமரா ரா அல்லவா திறக்கிறது?

தேவனாம்பட்டினத்தார்:
ஆம், உங்களுக்கு ஹீலிங் அங்கேயே, கேமரா ராவிலேயே செய்ய வேண்டும். அங்கே ரா கோப்புக்குக் கூர்மை இயல்பாகவே 40 வைக்கப்பட்டிருக்கும் என்பதையும் கவனியுங்கள். அதன்மேல் `Unsharp Mask` போட்டால் கூர்மை இருமுறை ஏறும்.

கெடிலக்கரை:
நன்றி ஐயா. வானத்துத் திட்டுகள் மறைந்துவிட்டன. இப்போது `Strength` அளவை 3, 5 என்று மாற்றிப் பார்த்தாலும் எதுவும் தனித்துத் தெரியவில்லை. பாய்மரத்தின் குறுக்கே கம்பி இருந்த இடத்தில் மட்டும் நிரப்பல் மரத்தை வளைத்துவிட்டதால், அங்கே உள்ளேயே குளோன் ஸ்டாம்பால் கையால் திருத்துகிறேன்.

இதே கோப்பை இணையத்துக்காக 2000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியபோது, படகின் விளிம்புகளில் வெள்ளைக் கோடு தெரிந்தது. அதற்கும் ஃபில்டர்தான் காரணமா?

தேவனாம்பட்டினத்தார்:
அதேதான். படம் சுருங்கினாலும் `Radius` சுருங்காது. 6000 பிக்சலில் 1.5 என்பது மெல்லிய கோடு, 2000-இல் அது தடித்த கோடு. `Image > Duplicate` கொடுத்து, நகலைச் சுருக்கியபின் `Radius`-ஐ 0.4 அல்லது 0.5-க்கு இறக்கிப் பாருங்கள். அச்சுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை என்னால் இங்கிருந்து சொல்ல இயலாது. அந்த லேபின் தாளில் வானமும் பாய்மரமும் சேர்ந்த ஒரு துண்டை மட்டும் முழு அளவில் அச்சிட்டுப் பாருங்கள்.