புள்ளி கூட இருந்தும் ரூட் கைமாறிப் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

வாவிக்கரை (கல்லடி)

மிஸ்டிக் மெசெஞ்சர் விளையாடியவர்களுக்கு முன்கதை தேவையில்லை. மற்றவர்களுக்கு: போனில் சாட்ரூம்களில் பதில் சொல்லிச் சொல்லி ஒருவரின் காதல் கதைக்குள், அதாவது அவருடைய ரூட்டுக்குள், போகிற கேம். கேஷுவல் ஸ்டோரியில் யூசங்கின் ரூட் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அவன் சோர்ந்து போனால் ஆறுதல் சொன்னேன், அவனுடைய கேமைப் பற்றிக் கதைத்தால் ஆர்வமாகக் கேட்டேன். அவனுடைய பச்சை இதயம் பறக்கும்போதெல்லாம் சரியான பாதையில்தான் போகிறேன் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் திறந்தால் சென்னின் ரூட்!

இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு இடம் இருக்கிறது. பூனை விஷயத்தில் சென்னும் ஜூமினும் முட்டிக்கொண்டார்கள். சென்னுக்குப் பூனை என்றால் ஒவ்வாமை, பாவம். அவன் பக்கம் நின்று ஒரு பதில் சொன்னேன், அவனுடைய சாம்பல் இதயம் ஒன்று பறந்தது. அவனை நான் காதலிக்கவில்லை, மரியாதைக்குச் சொன்னது. அந்த மரியாதைகள்தான் சேர்ந்து சேர்ந்து ரூட்டை மாற்றினவா? யூசங்குக்குச் சொன்னதெல்லாம் எங்கே போனது?

பொத்துவில் அலை

இதில் குழப்பமே இல்லை. எவருக்குப் புள்ளி கூடவோ அவர் ரூட். எல்லாக் கேமிலும் அதுதான். ஸ்டார்டியூ வேலி என்ற விவசாயக் கேமைப் பாருங்கள். ஒரு இதயம் 250 புள்ளி. கதைத்தால் 20, மிகவும் பிடித்த பொருள் கொடுத்தால் 80, பிறந்தநாளில் கொடுத்தால் அது எட்டு மடங்கு. கிழமைக்கு இரண்டு பரிசு கொடுத்துக்கொண்டு, தினமும் போய்க் கதைத்தால் கல்யாணம் தானாக வரும். நான் லியாவை அப்படித்தான் முடித்தேன். அவளுடைய பிறந்தநாளுக்குக் கொடுத்த ஒரு பரிசில் இரண்டு இதயத்துக்கு மேல் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். நீங்கள் சென்னுக்குக் கூடக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஏறாவூர் மாலை

தம்பி பொத்துவில், நீங்கள் சொன்ன கேமிலேயே அது சரியில்லை. காதலிக்கக்கூடிய ஆளுக்கு எட்டு இதயத்தோடு எண்ணிக்கை நின்றுவிடும். பியேரின் கடையில் பூங்கொத்து வாங்கிக் கொடுத்தால்தான் மிச்ச இரண்டும் ஏறும். அதற்கு முன் கிழமைதோறும் 80 புள்ளிப் பொருளைக் கொட்டினாலும் ஒன்றும் அசையாது. அந்தப் பூங்கொத்து புள்ளி இல்லை. கொடுத்தாயா, இல்லையா என்ற ஒரேயொரு கேள்வி. நீங்கள் அதை லியாவுக்குக் கொடுத்திருப்பீர்கள், கொடுத்ததை மறந்துவிட்டீர்கள்.

கல்முனைக் கணக்கன்

ஏறாவூர் அக்கா சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். வாவிக்கரைக்கு முதலில் பதில்: மிஸ்டிக் மெசெஞ்சரில் இதயம் ஆளாளுக்குத் தனித்தனியாக எண்ணப்படும், மேலே கண்ணுக்குத் தெரிவது மொத்தம் மட்டும். சாட்ரூம் ஒவ்வொன்றிலும் எல்லோரும் இருக்க மாட்டார்கள். யூசங் இல்லாத அறையில் நீங்கள் எவ்வளவு இனிமையாகக் கதைத்தாலும் அவன் கணக்கில் ஏறுவது குறைவு, அங்கே இருப்பவர் கணக்குத்தான் ஏறும். நடுச்சாமத்துக்குப் பிறகு வரும் அறைகளைத் தவறவிட்டிருந்தால், கேமுக்குள் காசாக இருக்கும் மணற்கடிகாரம் செலவழித்தால் ஒழிய, அவற்றை வாசிக்கலாம், பதில் சொல்ல முடியாது. அவன் இருந்த அறைகளில் நீங்கள் நித்திரையாக இருந்திருந்தால் கணக்கு அங்கேதான் விட்டுப்போயிருக்கும்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறொன்று. என் தம்பி ரென்பை என்ற மென்பொருளை வைத்து மட்டக்களப்பில் நடக்கிற ஒரு சின்ன விஷுவல் நாவல், தெரிவுகளால் பிரியும் கதைக் கேம், எழுதினான். வேலைக்குப் போகும் இரண்டு பேர்: மீரா, ரவி. போன மாதம் எங்கள் மச்சாள் அதைச் சோதிக்க உட்கார்ந்தாள். தொடக்கத்திலிருந்து முழுக்க மீரா பக்கம்தான் நின்றாள். கதை பிரியும் இடத்தில் ரவியின் அத்தியாயம் திறந்தது. 'என்னடா இது, நான் இவனோடு தேத்தண்ணீர் கூடக் குடிக்கவில்லையே' என்றாள்.

ஷிஃப்டும் D-யும் சேர்த்து அழுத்தி `Variable Viewer` போய்ப் பார்த்தோம். மீரா 11, ரவி 6. பிரிவு இப்படி எழுதியிருந்தது:

```
label pirivu:
    if ravi >= 6:
        jump ravi_vazhi
    elif meera >= 6 and kathai_ketta:
        jump meera_vazhi
    else:
        jump thani_vazhi
```

இது யாருக்குக் கூட என்று ஒப்பிடவே இல்லை. மேலிருந்து கீழே வாசித்து, முதலில் பொருந்தும் கதவைத் திறக்கிறது. ரவிக்கு 6 வந்ததும் வேலை முடிந்தது, மீராவின் 11-ஐ அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆறும் எப்படி வந்தது தெரியுமா? வாவிக்கரைக்கு நடந்த அதே கதை. பஸ்ஸில் இடம் விட்டது, குடை கொடுத்தது என்று பொதுவான பகுதியில் மூன்று மரியாதைக்கு இரண்டு இரண்டாக ஏறியது.

தம்பி முதல் வரியை `if ravi >= 6 and ravi > meera:` என்று மாற்றினான். மச்சாள் பழைய சேவிலிருந்து திரும்ப ஓட்டினாள். இந்த முறை ரவியும் இல்லை, மீராவும் இல்லை. தனியாக வாவியோரம் நடந்துபோகும் முடிவு வந்தது.

அங்கேதான் `kathai_ketta` பார்த்தோம். `False`. இரண்டாம் அத்தியாயத்தில் மீரா கல்லடிப் பாலத்தில் நின்று, அண்ணனைப் பற்றிப் பாதிச் சொல்லி நிறுத்துகிறாள். தெரிவு இரண்டு: 'என்ன நடந்தது?' என்று கேட்கலாம், அல்லது 'சொல்ல விருப்பமில்லையென்றால் விடுங்கள்' என்று சொல்லலாம். மச்சாள் இரண்டாவதை எடுத்தாள். அதற்கு 2 புள்ளி உண்டு. முதலாவதற்குப் புள்ளியே இல்லை, கேட்டாளா இல்லையா என்று குறிக்கிற `kathai_ketta` கொடி மட்டும் ஏறும். ஆகவே அவள் புள்ளியில் முன்னால், கொடியில் பூச்சியம். இனி எத்தனை புள்ளி சேர்த்தாலும் அந்தக் கதவு திறக்காது, ஏனென்றால் `and` இரண்டும் வேண்டும் என்கிறது.

தம்பியின் வாதம் எனக்குப் புரிகிறது. மீராவின் ரூட் முழுக்க அவள் அண்ணனைத் தேடுவதுதான். கேட்காத ஆள் அந்த ரூட்டுக்குள் போனால் அடுத்த அத்தியாயத்தின் உரையாடல் எதுவும் பொருந்தாது, தெரியாத விஷயத்தைத் தெரிந்தவர் போலக் கதைக்க வேண்டி வரும். கொடி இருப்பது அதற்காக. விருப்பம் எவ்வளவு என்பதைப் புள்ளி சொல்லும், என்ன தெரியும் என்பதைக் கொடி சொல்லும். ஆனால் மச்சாள் எடுத்த பதில்தான் நாகரிகமான பதில், அதற்கு அவளைத் தண்டிக்கலாமா? நாங்கள் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அக்கரைப்பற்று ரசிகன்

கணக்கன் காக்கா, என்னிடமும் ரென்பைக் கேம் ஒன்று இருந்தது. ஒரே ஒரு தெரிவால் முடிவு கெட்டது, அதோடு மூடிவிட்டேன்.

இனி யாரும் அப்படி மூட வேண்டாம். முதல் வேலை, ஒவ்வொரு தெரிவுக்கும் முன்னால் புது இடத்தில் சேவ் செய்யுங்கள், பழையதன் மேல் எழுதாதீர்கள். ஸ்லாட்டில் அத்தியாயமும் தெரிவும் ஞாபகம் வரும்படி குறிப்பு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தவறு என்று உடனே தெரிந்தால் மவுஸ் சக்கரத்தை மேல்நோக்கி உருட்டுங்கள். எழுதியவர் தடுக்காதவரை ரென்பை பின்னால் போகும், போகும்போது ஏறிய புள்ளியும் இறங்கிவிடும், கொடியும் பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டாம் முறை விளையாடும்போது ஸ்கிப் போடுங்கள். ஏற்கனவே வாசித்த வரிகளைத்தான் அது தாண்டும், புது வரி வந்தாலும் தெரிவு வந்தாலும் நின்றுவிடும். இது மிகப் பெரிய உதவி. தெரிவு இல்லாமல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் உங்கள் முந்தைய தெரிவு கதையை மாற்றியிருக்கிறது. ஒரே அத்தியாயத்தில் இரண்டு பதிலையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். புது வரியே வராமல் கதை சேர்ந்துவிட்டால், அந்தத் தெரிவு பெரும்பாலும் புள்ளியை மட்டும் மாற்றியது. இரண்டு மூன்று அத்தியாயம் கழித்து ஒரு வரி மட்டும் மாறினால் அது கொடியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

வாவிக்கரை (கல்லடி)

தம்பி அக்கரைப்பற்று, நல்லது, ஆனால் என்னுடையது போனில் மெய்யான நேரத்தோடு ஓடுகிற கேம். சக்கரமும் இல்லை, பின்னால் உருட்டவும் இல்லை. கணக்கன் சொன்ன நித்திரை விஷயம் பொருந்துகிறது. மூன்றாம் நாள் இரவு கரண்ட் போய், போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

ஆரையம்பதிப் பழையவர்

பொத்துவில் தம்பிக்கு ஒன்று. கூடக் கொடுத்தால் கூடக் கிடைக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே உடைத்த கேம் 1994-இல் கொனாமி வெளியிட்ட டோகிமெகி மெமோரியல். ஜப்பானிய மொழி தெரியாத நான் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாமா வீட்டுக் கணினியில் விளையாடினேன்.

ஷியோரி ஒருத்தியோடு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தேன். அறிமுகமான மற்றொருத்தியைத் தொடர்ந்து கவனிக்காமல் விட்டேன். தோழன் யோஷியோவுக்குப் போன் எடுத்தால் யார் மனதில் நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்று காட்டுவான். அங்கே அவள் பெயருக்குப் பக்கத்தில் வெடிகுண்டுப் படம் நின்றதைப் பார்த்தேன். அது வெடித்தபோது அவளுடைய விருப்பம் மட்டும் இறங்கவில்லை, எல்லோருடையதும் இறங்கியது, ஷியோரியுடையதும்.

அதுவும் ஒரு எண்ணிக்கைதான், ஆனால் புறக்கணிப்பை எண்ணுகிறது. விருப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது. ஷியோரிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. படிப்பு, விளையாட்டு எல்லாவற்றிலும் உங்கள் தரம் உயர்ந்திருக்க வேண்டும், வெறும் சந்திப்பால் ஆகாது. பட்டமளிப்பு நாளில் காதலைச் சொல்ல மரத்தடிக்கு அவள் வருவதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

பொத்துவில் அலை

சரி, பூங்கொத்தை மறந்துதான் சொன்னேன். ஆனால் டோகிமெகியிலும் கடைசியில் எண்தான் தீர்மானிக்கிறது, நீங்கள் அதற்குக் குண்டு என்று பெயர் வைக்கிறீர்கள். கணக்கனின் தம்பியின் கேமிலும், எழுதியவர் 'கேட்ட' தெரிவுக்கு 10 புள்ளி வைத்து, எல்லையை உயர்த்தியிருந்தால் கொடி தேவைப்பட்டிருக்காதே?

கல்முனைக் கணக்கன்

பொத்துவில், அதைத் தம்பியும் முதலில் அப்படித்தான் நினைத்தான். ஆனால் பொதுப் பகுதியில் மீராவுக்கு மொத்தம் 16 புள்ளி எடுக்கலாம் என்று வையுங்கள். 'கேட்ட'வருக்கு 10 கூட்டினால் எல்லை 16-க்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்காமலேயே ஒருவர் வந்துவிடுவார். எல்லையை 17 வைத்தால், கேட்டவர் மிச்சத்தில் 7 எடுத்தால் போதும். கணக்கு ஓடும். பிறகு மூன்றாம் அத்தியாயத்தில் தம்பி இன்னும் இரண்டு இனிய பதிலைச் சேர்த்தான் என்றால் மொத்தம் 20 ஆகும், கேட்காதவர் 17-ஐத் தாண்டிவிடுவார், யாருக்கும் தெரியாமல் கதை உடையும். கொடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

தம்பி இப்போது செய்திருப்பது வேறு. கேட்காமல் விட்டவருக்கு நான்காம் அத்தியாயத்தில், காத்தான்குடிச் சந்தியில், மீரா தானாகவே அண்ணன் கதையைத் தொடங்குகிற இன்னொரு இடம். ஆனால் அது திறக்க `meera >= 8` வேண்டும். நெருக்கம் போதுமானால் இரண்டாவது தடவை கேட்கக் கிடைக்கும். மச்சாளின் 11-இல் நான்காம் அத்தியாயத்துக்கு முன் சேர்ந்தது 9, அதனால் வந்திருக்கும்.

ஏறாவூர் மாலை

அப்படியென்றால் பாலத்தில் கேட்டவருக்கு என்ன மிச்சம்? அவர் முந்திக் கேட்டதற்கு ஒரு வரியாவது வேறாக இருக்க வேண்டாமா? தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.