லோடு 38, சிபியு சும்மா இருக்கிறது: சர்வரை மாற்றச் சொல்கிறார் முதலாளி

மரவள்ளி:
சேலத்தில் ஜவ்வரிசி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் தலையில்தான். பில்லிங் ஓடும் லினக்ஸ் சர்வரில் 4 கோர். இன்று காலை வந்து பார்த்தால் இப்படி நிற்கிறது:

```
top - 10:14:48 up 61 days,  2:40,  3 users,  load average: 38.07, 37.50, 35.56
%Cpu(s):  1.6 us,  0.7 sy,  0.0 ni, 97.5 id,  0.2 wa,  0.0 hi,  0.0 si,  0.0 st
```

லோடு 38 என்கிறது, சிபியு 97% சும்மா இருக்கிறேன் என்கிறது. எதை நம்புவது? முதலாளி அந்த 38ஐப் பார்த்துவிட்டு, "புது சர்வருக்குக் கொட்டேஷன் வாங்கு" என்று நிற்கிறார்.

ஐந்து ரோடு:
முதலாளி சொல்வதில் தப்பில்லை தம்பி. லோடைக் கோர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 38ஐ 4ஆல் வகுத்தால் ஒன்பதரை. ஒன்றைத் தாண்டினாலே சர்வர் திணறுகிறது என்று அர்த்தம், உனக்கு ஒன்பது மடங்கு. 16 கோர் பெட்டியாவது போட வேண்டும்.

கோரிமேடு:
திணறும் சர்வர் 97% சும்மா உட்கார்ந்திருக்குமா அண்ணா? 38 பேர் சிபியுவுக்காக முட்டி மோதினால் அந்த `id` பூஜ்யத்தில் அல்லவா இருக்க வேண்டும்? 16 கோர் போட்டால் 97 என்பது 99 ஆகும், லோடு அதே 38இல் நிற்கும்.

லினக்ஸில் லோடு ஆவரேஜ் சிபியு கேட்டு நிற்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை. `D` நிலையில் தூங்கும் ப்ராசஸையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. எதற்கோ பதில் வர வேண்டும், வரும்வரை நகர மாட்டேன் என்று கர்னலுக்குள் நிற்கிற ப்ராசஸ் அது. சிபியுவிலிருந்து அதற்கு ஒரு துளியும் போகாது. ஆனால் கணக்கில் ஒன்று ஏறிவிடும். ரேஷன் கடையில் லாரி வரவில்லை, எடை போடுபவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வரிசை மட்டும் தெருமுனை வரை. அங்கே இன்னொரு எடை போடுபவரை வேலைக்கு வைத்து என்ன பயன்?

மரவள்ளி, முதலில் இதை மட்டும் ஓட்டிப் போடுங்கள்:

```
cat /proc/loadavg
ps -eo pid,stat,wchan:24,stime,cmd | awk '$2 ~ /^D/'
```

அப்புறம் இன்னொன்று: பில் போடுகிறவர்கள் யாராவது மந்தம் என்று சொன்னார்களா?

ஐந்து ரோடு:
சரி, சிபியு இல்லை என்றால் டிஸ்க். அதையும் நான் பார்த்திருக்கிறேன். ஹார்டு டிஸ்க் சாகப் போகும்போது இதேதான் நடக்கும், லோடு ஏறும், சிபியு சும்மா இருக்கும். இன்றே டேட்டாவைக் காப்பி எடுத்துக்கொள் தம்பி.

மாங்கனி:
எனக்கும் இதே பிரச்சினைதான்! நாலு கோர், சிபியு 25%க்கு மேல் போகவே போகாது, ஆனால் மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுக்க முக்கால் மணி நேரம். நானும் டிஸ்க் மாற்ற வேண்டுமா?

கோரிமேடு:
மாங்கனி, உங்களுடையது நேர் எதிர். `top`இல் `1` என்ற விசையை அழுத்துங்கள். கோர் கோராகப் பிரித்துக் காட்டும், அதில் ஒன்று 100, மற்ற மூன்றும் சும்மா என்று இருக்கும். உங்கள் ரிப்போர்ட் ஒரே த்ரெட்டில் ஓடுகிறது, நாலில் ஒன்று நிரம்பினால் மொத்தத்தில் 25%. லோடு 1 பக்கம் நிற்கும். தனி இழையாகக் கேளுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.

ஐந்து ரோடு அண்ணா, டிஸ்க் என்பது நல்ல சந்தேகம்தான். ஆனால் உள் டிஸ்க் இழுத்தால், ஐ.ஓவுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் `wa` ஏறியிருக்கும். இங்கே 0.2.

மரவள்ளி:
பில்லிங்கில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை அக்கா, வழக்கம்போல ஓடுகிறது. நீங்கள் கேட்டது:

```
38.07 37.50 35.56 1/412 20931

18422 D    rpc_wait_bit_killable    07:05 df -h
18790 D    rpc_wait_bit_killable    07:10 df -h
19133 D    rpc_wait_bit_killable    07:15 df -h
```

இப்படியே ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக 10:10 வரை போகிறது, மொத்தம் 38 வரி. டிஸ்க் நிரம்பினால் மெயில் வரட்டும் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்டைக் கிரானில் போட்டிருக்கிறேன், அதில்தான் `df -h` இருக்கிறது.

கோரிமேடு:
விஷயம் எல்லாம் இதில் இருக்கிறது. `1/412` என்பதைப் பாருங்கள். மொத்தம் 412 இருக்க, இந்த நொடியில் சிபியு வேண்டும் என்று நிற்பது ஒன்றே ஒன்று, பெரும்பாலும் அந்த `cat` கட்டளையேதான். ஆக 38உம் `D`யில் தூங்குபவை. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 12. 7:05இல் முதலாவது, 10:10இல் 38ஆவது, கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

லோடின் மூன்று எண்களும், அதாவது 1, 5, 15 நிமிடச் சராசரிகளும், அதையே சொல்கின்றன. முதல் எண்ணுக்கும் 15 நிமிட எண்ணுக்கும் இரண்டரை வித்தியாசம்தான். திடீரென்று கூட்டம் வந்து விழுந்திருந்தால் கடைசி எண் எங்கோ பின்னால் கிடந்திருக்கும். இது மெதுவாக, ஒரே சீராக ஏறிய லோடு.

`rpc_wait_bit_killable` என்றால் என்.எஃப்.எஸ் சர்வரிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. எங்கிருந்து மவுன்ட் செய்திருக்கிறீர்கள்?

மரவள்ளி:
ஏற்காட்டில்! முதலாளிக்கு அங்கே காப்பித் தோட்டம் இருக்கிறது. கீழே தீயோ வெள்ளமோ வந்தாலும் டேட்டாவின் ஒரு நகல் மேலே இருக்கட்டும் என்று பங்களாவில் ஒரு நாஸ் பெட்டி வைத்து, வி.பி.என் வழியாக `/mnt/yercaud` என்று மவுன்ட் செய்திருக்கிறோம். ராத்திரி 2 மணிக்கு பேக்கப் போகும். இப்போது தோட்டத்துக்குப் போன் போட்டேன், காலை ஏழு மணிக்குக் கரண்ட் போனது இன்னும் வரவில்லையாம்.

ஐந்து ரோடு:
அதுவும் டிஸ்க்தானே, நெட்வொர்க் டிஸ்க். அப்படியானால் `wa` ஏன் ஏறவில்லை? அதைச் சொல்லுங்கள்.

கோரிமேடு:
நியாயமான கேள்வி. `wa` என்பதும் ஒருவகை சும்மாதான். சிபியுவுக்கு வேலை இல்லை, அதே சமயம் அந்தக் கோரில் யாரோ ஐ.ஓவுக்குக் காத்துத் தூங்கப் போயிருக்கிறார் என்றால் அந்தச் சும்மா நேரத்தை `id`இல் எழுதாமல் `wa`இல் எழுதும். ஆனால் "ஐ.ஓவுக்காகத் தூங்குகிறேன்" என்று தூங்கப் போகிறவரே குறித்துவிட்டுப் போக வேண்டும். கர்னலுக்குள் `io_schedule` வழியாகத் தூங்கினால் அந்தக் குறிப்பு விழும். என்.எஃப்.எஸ் ஆர்.பி.சி பதிலுக்குக் காத்திருப்பது சாதாரண `schedule` வழியாகப் போகிறது, குறிப்பு விழாது. `df` கேட்பது ஃபைல் சிஸ்டத்தின் அளவை மட்டும், அதனால் அந்த வழிதான். அதே மவுன்டில் ஒரு ஃபைலைப் படிக்கப் போயிருந்தால், பக்கம் வந்து சேரக் காத்திருக்கும் இடத்தில் `wa` ஏறவும் வாய்ப்புண்டு. அதனால் `wa` பூஜ்யம் என்பதை வைத்து ஐ.ஓ சிக்கல் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

கருப்பூர்:
இத்தனை விளக்கம் தேவைப்படுகிற ஒரு எண்ணை எதற்குத்தான் பார்க்க வேண்டும்? மற்ற யுனிக்ஸ்களில் லோடு என்றால் சிபியு வரிசை, அவ்வளவுதான். லினக்ஸில் மட்டும் 1993இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் ஒரு பேட்ச் போட்டு `D`யையும் கொண்டுவந்து குட்டை குழப்பினார். இப்போது 4.20 கர்னலிலிருந்து `/proc/pressure` இருக்கிறது. சிபியு, மெமரி, ஐ.ஓ மூன்றையும் தனித்தனியாகச் சொல்லும். லோடு ஆவரேஜ் அலாரத்தை எல்லாம் நான் எப்போதோ எடுத்துவிட்டேன்.

கோரிமேடு:
அந்தப் பேட்சுக்குக் காரணம் இருந்தது. வேகமான ஸ்வாப் டிஸ்கை எடுத்துவிட்டு மெதுவான டிஸ்கைப் போட்டால், எல்லாரும் டிஸ்குக்குக் காத்து நிற்பார்கள், சிபியு வரிசை குறையும், லோடு இறங்கும். மெஷின் மோசமாகிறது, எண் நன்றாகிறது. அதைச் சரிசெய்யத்தான் சேர்த்தார்.

`/proc/pressure` எனக்கும் பிடிக்கும். ஆனால் மரவள்ளியின் சர்வரில் `/proc/pressure/io` என்ன சொல்லும் தெரியுமா? பூஜ்யம். `wa` பார்க்கிற அதே குறிப்பைத்தான் அதுவும் பார்க்கிறது. இன்று காலை வாய் திறந்தது லோடு ஆவரேஜ் மட்டும்தான்.

கருப்பூர்:
வாய் திறந்தது சரி, என்ன சொன்னது? "38" என்றது. ஐந்து ரோடு அதைக் கேட்டு 16 கோர் விற்கப் பார்த்தார். `D`யில் எத்தனை பேர் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கிறார்கள் என்று நேரடியாக எண்ணி அலாரம் வைத்தால் போதும், சராசரி எதற்கு?

கோரிமேடு:
`D`யை நேரடியாக எண்ணுவது நல்ல யோசனை, அதை மறுக்கவில்லை. ஆனால் அதை யாராவது முன்கூட்டியே நினைத்து வைத்திருக்க வேண்டும். லோடு எல்லாப் பெட்டியிலும் சும்மாவே கிடக்கிறது.

மரவள்ளி:
நீங்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் 44 ஆகிவிட்டது. இப்போது என்ன செய்வது? சர்வரை ரீபூட் செய்யட்டுமா?

ஐந்து ரோடு:
வேறு வழியில்லை தம்பி. `D`யில் இருப்பதை `kill -9` போட்டாலும் சாகாது, ரீபூட்தான்.

கோரிமேடு:
எல்லா `D`யும் அப்படி இல்லை. பெயரிலேயே `killable` இருக்கிறது பாருங்கள், 2.6.25 கர்னலிலிருந்து இந்த வகைத் தூக்கம் கொல்லும் சிக்னலுக்கு எழும். டிஸ்க் டிரைவருக்குள் மாட்டியதுதான் எதற்கும் அசையாது. பில்லிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ரீபூட் வேண்டாம், ஷட்டவுனின் போதும் இதே மவுன்டில் போய் மாட்டிக்கொண்டு நிற்கும்.

முதலில் கிரானில் அந்த வரியை நிறுத்துங்கள், இல்லையென்றால் கொல்லக் கொல்ல வந்துகொண்டே இருக்கும். பிறகு:

```
pkill -9 -x df
umount -l /mnt/yercaud
```

ஸ்கிரிப்டில் `df -h` என்பதை `df -lh` ஆக்குங்கள், உள் டிஸ்குகளை மட்டும் பார்க்கும். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது கிளம்பாதபடி `flock -n` போடுங்கள். இது இருந்திருந்தால் லோடு 1ஐத் தாண்டியிருக்காது. அப்போது கவனித்திருப்பீர்களா என்பது வேறு கேள்வி. ராத்திரி பேக்கப்புக்கு முன் மவுன்ட் திரும்ப வந்துவிட்டதா என்று மறக்காமல் பாருங்கள். இல்லையென்றால் வெறும் `/mnt/yercaud` ஃபோல்டரில், உங்கள் சொந்த டிஸ்கிலேயே போய் எழுதிவிடும்.

கருப்பூர்:
மவுன்டை `soft` ஆக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிழை என்று திரும்பிவிடும்.

கோரிமேடு:
பேக்கப் எழுதுகிற மவுன்டில் `soft` போட நான் சொல்ல மாட்டேன். நடுவில் லைன் போனால் பாதி எழுதிய ஃபைலும் ஒரு பிழை எண்ணும் கையில் இருக்கும். அந்தப் பிழையைக் கவனிக்காத ப்ரோகிராம் பேக்கப் முடிந்தது என்று சொல்லிவிடும்.

கருப்பூர்:
பிழையைக் கவனிக்காத பேக்கப் ப்ரோகிராமை மாற்றுங்கள். மலையில் மழைக்காலம் முழுக்க லைன் போய் வரும், ஒவ்வொரு முறையும் `pkill` போட்டுக்கொண்டிருக்க முடியுமா? மவுன்டே வேண்டாம், `rsync`ஐ எஸ்.எஸ்.எச் வழியாக அனுப்புங்கள், அறுந்தால் அறுந்தது, நாளை தொடரும்.

கோரிமேடு:
அந்தக் கடைசி வரிக்கு நானும் சரி என்பேன்.

மரவள்ளி:
போட்டேன். எல்லா `df`உம் போய்விட்டது, `D`யில் ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்து நிமிடம் கழித்தும் இப்படிக் காட்டுகிறது:

```
load average: 0.39, 16.05, 29.80
```

முதலாளி அந்த 29.80ஐப் பிடித்துக்கொண்டார்.

கோரிமேடு:
அது பழையது கரைகிற வேகம். 15 நிமிட எண் என்றால் 15 நிமிடம் கழித்துப் பூஜ்யம் என்று இல்லை, அப்போதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் இருக்கும். முதல் எண்ணை மட்டும் காட்டுங்கள். கொட்டேஷன் வாங்கியே ஆக வேண்டும் என்றால், ஏற்காட்டுப் பெட்டிக்கு ஒரு யு.பி.எஸ்ஸுக்கு வாங்கச் சொல்லுங்கள்.

மாங்கனி:
`1` அழுத்திப் பார்த்தேன் அக்கா. மூன்றாவது கோர் மட்டும் 100. இப்போது என்ன செய்ய?