ஆப் ஸ்டோர் ரிவியூவில் இருக்கும் செயலிக்கு டாஸ்க் போர்டில் கார்டு எப்படி வைப்பது? ரிஜெக்ட் ஆகிவிட்டது, உதவி தேவை

வசந்தி (சுங்கை சிப்புட்)

வணக்கம். டவுனில் உள்ள ஒரு டியூஷன் சென்டருக்கு ஐபோன் செயலி செய்கிறோம், மூன்று பேர். எஸ்டேட் பக்கத்துப் பெற்றோர் கைப்பேசி எண்ணைப் போட்டு, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியை வைத்து உள்ளே போய் வகுப்பு நேரம், கட்டணம் எல்லாம் பார்ப்பார்கள்.

போர்டில் "ஆப் ஸ்டோருக்கு அனுப்பு" என்று ஒரே கார்டுதான். அனுப்பிய பிறகும் அது "செய்துகொண்டிருக்கிறோம்" பத்தியிலேயே கிடக்கிறது. யார் கையில் இருக்கிறது, எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறோம் என்று பார்த்தால் தெரிவதில்லை. இப்போது ரிஜெக்ட் ஆகிவிட்டது. காரணம் இரண்டு: ஆப்பிள் ரிவியூ விதி 2.1-இல் உள்ளே நுழைய முடியவில்லை என்கிறார்கள், 5.1.1(v)-இல் கணக்கை அழிக்க வழியில்லை என்கிறார்கள். பழைய கார்டையே பின்னால் இழுப்பதா, புதிதாகத் திறப்பதா? பள்ளி திறக்கும் முன் வெளியிட வேண்டும் என்று சென்டர் உரிமையாளர் கேட்கிறார், அவருக்கு எந்தத் தேதியைச் சொல்வது?

சரவணன்

பதற வேண்டாம் வசந்தி. ரிஜெக்ட் என்றால் அந்தச் செய்திக்குக் கீழேயே பதில் எழுதினால் போதும், புது பில்ட் தேவையில்லை. ரொம்ப நேரம் Waiting for Review என்றே நின்றால் சமர்ப்பிப்பை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள், நகர்ந்துவிடும்.

குமரன்

சரவணன் சொன்னதில் முதல் பாதி சில ரிஜெக்ஷனுக்கு மட்டும் பொருந்தும். இரண்டாவதைச் செய்யவே வேண்டாம். எடுத்துவிட்டுப் போட்டால் வரிசையில் இருந்த இடம் போய்விடும், கடைசியில் போய் நிற்க வேண்டும். பெரும்பாலான சமர்ப்பிப்புகளை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவதாக ஆப்பிளே சொல்கிறது. அதனால் முதல் நாள் முழுக்கச் சும்மா இருப்பதுதான் சரியான வேலை.

வசந்தி, கார்டு விஷயத்துக்கு வருகிறேன். வெர்ஷனுக்கு ஒரு கார்டு வைக்காதீர்கள், ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கும் ஒரு கார்டு வையுங்கள். "1.0 (பில்ட் 14)" என்பது ஒன்று, "1.0 (பில்ட் 15)" என்பது இன்னொன்று. அனுப்பியவுடன் "ஆப்பிளிடம் காத்திருப்பு" என்ற தனிப் பத்திக்குப் போகட்டும். அங்கே போனாலும் பொறுப்பாளர் பெயரை எடுக்காதீர்கள். பெயர் இல்லாத கார்டில் மின்னஞ்சல் வந்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். கெடு தேதி போட வேண்டாம், ஏனென்றால் முடிவு உங்கள் கையில் இல்லை. "எப்போது திரும்பிப் பார்ப்பது" என்ற தேதி மட்டும் போதும்.

பிறகு, நிலை மாறும்போதெல்லாம் மின்னஞ்சலில் உள்ள நேரத்தைக் கார்டில் எழுதுங்கள்:

```
Waiting for Review   செவ்வாய் 10:40
In Review            புதன்   03:15
Rejected             புதன்   04:05
மறுபடி அனுப்பியது     வெள்ளி  17:00
```

இப்படி இருந்தால் வரிசையில் நின்றது 16 மணி 35 நிமிடம், பார்த்தது 50 நிமிடம், நம் கையில் கிடந்தது 60 மணி 55 நிமிடம் என்று தெரியும். அடுத்த தடவை எதைக் குறைக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. பல குழுக்களில் நீளமாக இருப்பது கடைசி வரிதான். பதில் நமக்கு விடியற்காலையில் வரலாம், ஒருவர் மட்டும் மின்னஞ்சல் பெற்றால் காலை வேலை தொடங்கும் வரை அது தூங்கும். App Store Connect செயலியை மூன்று பேரின் தொலைபேசியிலும் போட்டு அறிவிப்பைத் திறந்து வையுங்கள்.

ரிஜெக்ட் ஆன கார்டைப் பின்னால் இழுக்க வேண்டாம். "ரிஜெக்ட்" என்று முடித்து, அதிலிருந்து காரணத்துக்கு ஒன்றாகத் தனி டாஸ்க் திறந்து இணைத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இதற்குப் பதில் எழுதினால் போதுமா, விவரப் பக்கத்தைத் திருத்தினால் போதுமா, புது பில்ட் வேண்டுமா?

உங்கள் 2.1-க்கு பில்ட் வேண்டாம். ரிவியூ செய்பவரால் உங்கள் மலேசிய எண்ணுக்கு வரும் ஓடிபியைப் பார்க்க முடியாது, அதுதான் காரணம். நிலையான ஓடிபி உள்ள ஒரு சோதனை எண்ணை சர்வரில் வையுங்கள். Firebase என்றால் Phone பகுதியில் Phone numbers for testing இருக்கிறது, அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் போகாது. App Review Information-இல் Sign-in required-ஐத் தேர்ந்து, எண்ணையும் ஓடிபியையும் கொடுத்து, Notes-இல் "இந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் வராது, இந்த ஓடிபியை அப்படியே போடவும்" என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுங்கள். அந்தக் கணக்கில் ஒரு மாணவர், ஒரு வார அட்டவணை, ஒரு கட்டணச் சீட்டு இருக்கட்டும். வெறும் திரை தெரிந்தால் அதற்கே இன்னொரு ரிஜெக்ட் வரும். ஒப்புதல் வந்த பிறகும் சோதனை எண்ணை எடுக்காதீர்கள், அடுத்த அப்டேட்டையும் ரிவியூ செய்வார்கள்.

5.1.1(v)-க்கு பில்ட் வேண்டும். செயலிக்குள்ளேயே அழிப்பைத் தொடங்கும் பட்டன் இருக்க வேண்டும். "சென்டரை அழையுங்கள்" என்ற வரியோ, கணக்கைத் தற்காலிகமாக முடக்குவதோ போதாது. இந்த இரண்டும் சேர்ந்து வந்ததால் உங்களுக்குப் புது பில்ட் கட்டாயம். பில்ட் எண்ணை 15 ஆக்குங்கள், 14-ஐயே மறுபடி ஏற்ற முடியாது.

லோகேஸ்வரி

எனக்கும் இதே பிரச்சனை அண்ணே! ஆனால் பிளே ஸ்டோர். 12 பேர், 14 நாள் சோதனை என்று நிற்கிறது, ரிவியூ முடியவே மாட்டேன் என்கிறது.

குமரன்

அது வேறு, லோகேஸ்வரி. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், 12 சோதனையாளர்கள் தொடர்ந்து 14 நாள் சேர்ந்திருந்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். அது ரிவியூ காத்திருப்பு இல்லை, உங்கள் வேலை. தனி கார்டு வைத்து, நடுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அதன் பிறகு வரும் கூகள் ரிவியூவுக்கு 7 நாள் வரை, சில சமயம் அதற்கும் மேல் ஆகலாம். அதற்குத் தனி கார்டு.

வசந்தி (சுங்கை சிப்புட்)

நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். பெற்றோர் கணக்கை நாங்கள் திறப்பதில்லை, சென்டர் பதிவு செய்த எண்தான் உள்ளே போகும். அப்போதும் அழிக்கும் பட்டன் வேண்டுமா? கட்டண ரசீதெல்லாம் கணக்குக்காக வைத்திருக்க வேண்டும் என்கிறார் உரிமையாளர். தேதி கேள்வியும் நிற்கிறது.

குமரன்

விதி, செயலியில் கணக்கு உருவாக்க முடிந்தால் அழிக்கவும் முடிய வேண்டும் என்கிறது. புது எண் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முதல் தடவை ஓடிபி சரியானதும் கணக்கு உருவானால், பட்டன் வேண்டும். பதிவில் இல்லாத எண்ணைத் தடுத்துவிட்டால், அதைப் பதிலில் விளக்கிப் பார்க்கலாம்.

செல்வராணி

விளக்கிப் பார்க்காதீர்கள் வசந்தி, பட்டனைப் போட்டுவிடுங்கள். விளக்கி, பதில் வர ஒரு நாள், மறுபடி மறுப்பு என்றால் அந்த நேரத்தில் பட்டனே முடிந்திருக்கும். சட்டப்படி வைக்க வேண்டிய ரசீதை வைத்துக்கொள்ளலாம், அதைத் திரையில் சொல்லிவிட வேண்டும்.

குமரன்

அக்கா சொல்வது வேகமான வழி. ஆனால் பெற்றோர் அழித்துவிட்டால் சென்டர் பதிவில் என்ன ஆகும் என்பதை உரிமையாளர் முடிவு செய்யாமல் பட்டன் போடக் கூடாது. அது அவர் பெயரில் ஒரு டாஸ்க்.

தேதிக்கு: சமர்ப்பிக்கும்போது Manually release this version-ஐத் தேர்ந்தெடுங்கள். ஒப்புதல் வந்தால் Pending Developer Release என்று நிற்கும், நீங்கள் அழுத்தும்போது வெளிவரும். அதனால் "ஒப்புதல் பெறு" ஒரு கார்டு, "வெளியிடு" இன்னொரு கார்டு. உரிமையாளரிடம் இரண்டாவதின் தேதியை மட்டும் சொல்லுங்கள், முதலாவதற்கு குறைந்தது இரண்டு சுற்று ரிவியூவுக்கு இடம் விட்டு. வேகமாகப் பார்க்கச் சொல்லி விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது, அதைப் பெரிய பழுது வந்தால் பயன்படுத்த வைத்திருங்கள்.

சரவணன்

இரண்டு சுற்று போதுமா? மூன்றாவது தடவை புதுக் காரணம் சொன்னால்?

குமரன்

சொல்லலாம், முதல் தடவை உள்ளே நுழைய முடியாததால் உள் திரைகளை அவர்கள் பார்க்கவே இல்லை. அதனால் பில்ட் 15 போகும் முன் சோதனை எண்ணோடு, செயலியை நீக்கி மறுபடி போட்ட ஒரு ஐபோனில், அலுவலக வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில், எல்லாத் திரையையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.