பள்ளியிலிருந்து வந்த "மதிப்பீட்டு முறை மாற்றம்" கடிதம்: உங்கள் அனுபவம் என்ன?

லாஸ்பேட்டை டீச்சர்
புதுச்சேரியில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன ஜூனில் அந்தக் கடிதத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "மனப்பாட முறையிலிருந்து திறன் சார்ந்த மதிப்பீட்டுக்கு மாறுகிறோம்" என்று தொடங்கி, கற்றல் விளைவுகள், உயர்நிலைச் சிந்தனை என்று ஒன்றரைப் பக்கம். பாதி, சுற்றறிக்கையிலிருந்து எடுத்த சொற்கள். மறுநாள் காலை ஓர் அப்பா கேட் ஓரம் ஸ்கூட்டரை நிறுத்தி, "அப்போ இனிமே பரீட்சை கிடையாதா மிஸ்?" என்றார். பின்னால் நின்ற அம்மா, "அதெல்லாம் இல்லைங்க, ஃபீஸ் ஏத்தப் போறாங்க" என்றார்.

இரண்டாவது கடிதத்தில் அந்தச் சொற்களை எல்லாம் தூக்கிவிட்டு, ஒரே பாடத்திலிருந்து இரண்டு கேள்வி மட்டும் போட்டேன். பழையது: ஆவியாதலின் வேகத்தைப் பாதிக்கும் நான்கு காரணிகள் யாவை? பரப்பு, வெப்பநிலை, ஈரப்பதம், காற்று. நான்கு சொல், நான்கு மதிப்பெண். புதியது: மரக்காணம் உப்பளத்தில் ஒரே அளவு கடல்நீரை, அகலமாக ஆழமில்லாத பாத்தி ஒன்றிலும் குறுகலாக ஆழமான பாத்தி ஒன்றிலும் விடுகிறார்கள். எதில் உப்பு முதலில் படியும், ஏன்? அதே வெயில் அடித்தும் புழுக்கமான நாளில் ஏன் தாமதமாகிறது?

கீழே இரண்டு விடை. நான்கு காரணிகளையும் வரிசை மாறாமல் எழுதிவிட்டு, எந்தப் பாத்தி என்றே சொல்லாத பையனுக்கு 1. "அகலப் பாத்தியில் நிறைய தண்ணீர் காற்றில் படுகிறது, புழுக்கத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் போகாது" என்று தப்புத் தப்பான இங்கிலீஷில் எழுதிய பெண்ணுக்கு 4. அதற்கப்புறம் கேட்டில் கேள்வி குறைந்தது. சண்டை வந்தது, ஆனால் அந்த 1 மதிப்பெண்ணைப் பற்றி. அது நல்ல சண்டை.

முதுநகர் அம்மா
எங்களுக்கும் இப்படி ஒன்று வந்தது. மனப்பாடம் வேண்டாம் என்று பள்ளியே சொல்லிவிட்டதே என்று நாலாவது படிக்கும் மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். அரையாண்டில் கணக்கில் மூழ்கிவிட்டாள். கேள்வி புரிந்திருக்கிறது, ஏழெட்டு ஐம்பத்தாறு தெரியவில்லை. விரல் விட்டு எண்ணியே நேரம் போய்விட்டது.

ஓய்வு பெற்ற வாத்தியார்
அம்மா, கடிதம் எழுதியவர் மேல்தான் குறை. மனப்பாடம் போகவில்லை, மனப்பாடத்துக்கு மட்டும் கொடுத்துவந்த மதிப்பெண்தான் குறைந்திருக்கிறது. டீச்சர் சொன்ன பாத்திக் கேள்வியையே எடுங்கள். ஈரப்பதம் என்ற ஒன்று நினைவில் இல்லாத பிள்ளை புழுக்கத்துக்குக் காரணம் எங்கிருந்து சொல்லும்? பத்தாம் வகுப்பு சிபிஎஸ்இ தாளில்கூட 2024-25 கணக்குப்படி ஐம்பது சதவீதம்தான் திறன் சார்ந்த கேள்வி. இருபது சதவீதம் விடையைத் தேர்ந்தெடுப்பது, மீதி முப்பது வழக்கமான குறுவினா, நெடுவினா. நிறையப் பேர் 'டிக்' அடிப்பதையே திறன் கேள்வி என்று நினைக்கிறார்கள். "ஆவியாதல் எந்த வெப்பநிலையில் நடக்கும்" என்று நாலு விடை கொடுத்து டிக் அடிக்கச் சொன்னாலும் அது மனப்பாடக் கேள்விதான்.

நெல்லிக்குப்பம் அப்பா
என் பையன் ஸ்டேட் போர்டில் ஒன்பதாவது. இப்போது சிபிஎஸ்இக்கு மாற்றினால் பத்தாவதில் தாங்குவானா? யாராவது சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற வாத்தியார்
அது வேறு விஷயம் சார். தனியாகக் கேளுங்கள், விவரமாகச் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம்காரன்
எங்கள் வீட்டு வேடிக்கையைக் கேளுங்கள். மகளின் டியூஷனில் திறன் கேள்விகள் என்று விடையோடு ஜெராக்ஸ் கட்டு கொடுத்தார்கள். உப்பளக் கேள்வியை நெட்டுருப் போட்டாள். பரீட்சையில் வந்தது கருவாடு. மீனைக் கீறி விரித்து ஏன் காயவைக்கிறார்கள் என்று கேள்வி. இவள் பாத்தி, உப்பு, மரக்காணம் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

லாஸ்பேட்டை டீச்சர்
சிரித்துவிட்டேன், ஆனால் எங்கள் வகுப்பிலும் இதே கதைதான். விடையை வகுப்பிலேயே சொல்லிவிட்டால் அது அன்றோடு மனப்பாடக் கேள்வியாகிவிடுகிறது. அதனால் இப்போது அடுத்த தேர்வில் சூழலை மட்டும் மாற்றிப் பார்க்கிறேன். உப்பளத்தில் 4 வாங்கி, ஈரத்துணியில் 1 வாங்கினால் பிள்ளை பாடத்தைப் படிக்கவில்லை, கேள்வியைப் படித்திருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது வேறு. இந்தக் கேள்விகள் எல்லாம் நீளம். அரைப் பக்க இங்கிலீஷைப் படித்து முடிப்பதற்குள் சில பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள். ஒருநாள் மதிப்பெண் வராத ஆறு பேரை உட்காரவைத்து, அதே கேள்வியைத் தமிழில் வாய்விட்டுப் படித்தேன். நாலு பேர் சரியாகச் சொன்னார்கள். அப்படியானால் நான் அளந்தது அறிவியலையா, வாசிப்பையா? மூன்றாவது கடிதத்தில் இதை எழுதலாமா என்று கேட்டேன். "இப்போதைக்கு வேண்டாம்" என்றார்கள்.