இடக்கைப் புள்ள ஸ்லாப் அடிக்கக்க ஓடிட்டு அடிக்கிறதா, அடிச்சிட்டு ஓடுறதா?

கல்லடிக் காத்து:
தங்கச்சிட மகள் பாடசாலை சொப்ட்போல் டீம்ல விளையாடுறா, பதினைஞ்சு வயசு, இடக்கை ஆட்டம். நல்லா ஓடுவா எண்டதால சேர் ஸ்லாப் பழக்குறார், அதுதான் ஓடுற அசைவோட சேத்து அரை வீச்சில பந்தை நிலத்தில அடிக்கிறது. போன மெட்ச்ல ரெண்டு தரம் கால் அடிக்கிற ஆள் நிக்கிற பொக்ஸுக்கு வெளிய எண்டு அம்பயர் அவுட் குடுத்திட்டார், மற்ற ரெண்டு தரமும் பந்து பிட்சர்ட கைக்கே உருண்டு போச்சு. முதல்ல ஓடத் தொடங்கிட்டு அடிக்கிறதா, அடிச்சிட்டு ஓடுறதா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

கல்முனைப் பெடியன்:
டெனிஸ் போல் மெட்ச்தானே, அதில எங்க மச்சான் கால் பொக்ஸ் எல்லாம். இறங்கி வந்து சாத்தச் சொல்லு, லெப்ட் ஹேண்ட் எண்டா லெக் சைட் சின்ன பவுண்டரி பாத்து தூக்கச் சொல்லு.

கல்லடிக் காத்து:
தம்பி அது சொப்ட்போல் கிரிக்கெட். நான் கேட்டது நாலு பேஸ் வச்சு விளையாடுற சொப்ட்போல்.

வேகம் முக்கியம்:
ஸ்லாப்ட உயிரே ஓட்டம்தான். முதல் பேஸுக்கு 60 அடி, இடக்கைக்காரி நிக்கிற பக்கம் ஏற்கெனவே ரெண்டு எட்டு கிட்ட, அதில ஓடிக்கொண்டே அடிச்சா இன்னும் ரெண்டு எட்டு லாபம். பிட்சர்ட கை மேல போனவுடனே ஓடத் தொடங்கோணும், பொக்ஸ்ட முன் கோட்டுக்குக் கிட்ட நிண்டா பந்து வளையிறதுக்கு முன்னமே அடிக்கலாம். அவுட் குடுத்தது அம்பயர்ட பிழையா இருக்கும், இஞ்ச அரைவாசிப் பேருக்கு ரூல் தெரியாது.

பழைய கேட்சர்:
ரெண்டு எட்டு லாபம் எண்டது சரி தம்பி, மற்றதெல்லாம் புள்ளைய அவுட்டாக்குற வேலை. நான் பத்து வருசம் பிளேட்டுக்குப் பின்னால குந்தியிருந்து இதைத்தான் பாத்தவன்.

பொக்ஸ்ட நீளம் 7 அடி. பிளேட்ட நடுவில இருந்து முன்னுக்கு 4 அடி, பின்னுக்கு 3 அடி. ஸ்லாப்ல இடது கால் வலது காலைத் தாண்டி முன்னுக்கு விழும், அந்த ஒரு எட்டு மட்டும் மூண்டடி நாலடி போகும். முன் கோட்டுக்குக் கிட்ட நிண்டு தொடங்கினா அந்தக் கால் எங்க போய் விழும் எண்டு நீங்களே கணக்குப் பாருங்க. பொக்ஸ்ட பின்பக்கம் நிக்கச் சொல்லுங்க, ஓடுறதுக்கு இடம் வேணும்.

அடுத்தது பாதை. புள்ள முதல் பேஸைப் பாத்து ஓடுறா எண்டு நினைக்கிறன், பந்து பிட்சர்ட கைக்குப் போறதுக்கு காரணமும் அதாத்தான் இருக்கும். உடம்பு முதல் பேஸ் பக்கம் விலகினா வலது தோள் திறந்திடும், வெளிப்பக்கமா வாற பந்துக்கு கை எட்டாது, மட்டையின்ட நுனியில பட்டு செத்த பந்தா உருளும். முதல் ரெண்டு எட்டும் பிட்சர்ட பக்கம், அதுவும் கொஞ்சம் ரெண்டாம் மூண்டாம் பேஸுக்கு நடுவில நிக்கிற சோர்ட்ஸ்டொப் பக்கம் சாஞ்சு போகோணும். வலது கால் ஒரு சாண் பின்னுக்கு, மறுகா இடது கால் அதைத் தாண்டி முன்னுக்கு. அந்த இடது கால் நிலத்தில விழுற நேரமும் பந்து மட்டையில படுற நேரமும் ஒண்டா இருந்தா சரி. முதல் பேஸுக்குத் திரும்புறது மூண்டாவது எட்டில, பந்து போனதுக்குப் பிறகு.

வேகம் முக்கியம்:
அப்ப ஓடிட்டு அடிக்கிறதுதானே அண்ணா, நான் சொன்னதும் அதுதான். நத்தாஷா வாட்லி அடிக்கிற வீடியோ பாருங்க, 2004 ஒலிம்பிக்ல தங்கம் எடுத்த அமெரிக்க டீம், அவ நிண்டு கொண்டா அடிக்கிறா?

பழைய கேட்சர்:
அவ நடந்து கொண்டு அடிக்கிறா, அடிச்சிட்டுத்தான் ஓடுறா. வீடியோவ மெதுவா ஓட விட்டு பந்து படுற இடத்தில நிப்பாட்டிப் பாருங்க, தோள் இன்னும் மூடித்தான் கிடக்கும். பிட்சர்ட கை மேல போகக்க தொடங்குறது வேகமான பிட்சருக்கு சரி வரலாம். நம்மட பாடசாலைப் பிட்சர்மார்ட பந்து ஆறுதலா வரும், அந்த நேரத்துக்குத் தொடங்கினா ரெண்டு எட்டும் முடிஞ்சு, புள்ள காலை ஊண்டிக்கொண்டு பந்தைப் பாத்துக்கொண்டு நிப்பா. அப்ப ஓடி வந்த வேகம் எல்லாம் வீண். கை சுத்தி கீழ இறங்கி, பந்து இடுப்படியில விடுபடுற நேரம் தொடங்கச் சொல்லுங்க.

சம்மாந்துறை நானா:
நம்மட மகளும் இப்படித்தான், ஆனா அவ வலக்கை, சேர் இடக்கைக்கு மாத்தச் சொன்னார், ஆறு மாசமா சோறு மட்டும் வலக்கையில திங்கிறா மத்ததெல்லாம் இடக்கை 😄 பேந்து எல்லே விளையாடப் போய் மூங்கில் தடியப் புடிச்சா திரும்ப வலக்கை வந்திட்டு. ஒரு சந்தேகம், கால் கோட்டில பட்டாலே அவுட் எண்டு நம்மட ஆக்கள் சொல்றாங்களே, சரியா?

பழைய கேட்சர்:
இல்ல நானா. கோடும் பொக்ஸ்தான். பந்து மட்டையில படுற நேரம் முழுப் பாதமும் கோட்டுக்கு வெளிய நிலத்தில இருந்தாத்தான் அவுட். குதிகால் கோட்டில இருந்தா அவுட் இல்ல. கால் காத்தில இருந்தாலும் அவுட் இல்ல, அடிச்சாப் பிறகு எங்க விழுந்தாலும் காரியமில்ல. பிளேட்டை மிதிச்சுக்கொண்டு அடிச்சாலும் அவுட், அதையும் புள்ளைக்குச் சொல்லி வையுங்க, உள்ளுக்கு சாஞ்சு போற ஆக்களுக்கு அது நடக்கும்.

கல்லடிக் காத்து:
அப்ப மட்டை? சேர் மேல இருந்து கீழ கொத்தச் சொல்றார்.

பழைய கேட்சர்:
கை முன்னுக்குப் போகோணும், மட்டைத்தலை பின்னால வரோணும். அப்பத்தான் பந்து மூண்டாம் பேஸுக்கும் சோர்ட்ஸ்டொப்புக்கும் நடுவால போகும். சோர்ட்ஸ்டொப் எடுத்து முதல் பேஸுக்கு எறியிறதுதான் உள்ளுக்கு தூரமான எறிகளில ஒண்டு, அந்த நேரத்துக்குள்ள நல்ல ஓட்டக்காரி பேஸில நிப்பா. மட்டைத்தலை முந்தினா பந்து பிட்சருக்கோ ரெண்டாம் பேஸுக்கோ போகும். பந்துட மேல் பாதியில அடிக்கிறது சரி, அதுக்காக கோடாலி மாதிரி வெட்டத் தேவையில்ல.

வேகம் முக்கியம்:
கொத்தி அடிச்சா பந்து துள்ளி எழும்பும், அது இறங்கி வர முதல் பேஸில நிக்கலாம். அதுதான் ஸ்லாப்ட அழகே.

பழைய கேட்சர்:
கட்டாந்தரையில துள்ளும். கல்லடி மணல்ல துள்ளுமா? சப்பெண்டு படுத்திடும்.

வேகம் முக்கியம்:
படுத்தா இன்னும் நல்லதுதானே, சோர்ட்ஸ்டொப் முன்னுக்கு ஓடி வந்து குனிஞ்சு எடுக்கோணும்.

பழைய கேட்சர்:
சோர்ட்ஸ்டொப் வர முதல் மூண்டாம் பேஸ்காரி எடுத்திடுவா, ஸ்லாப் அடிக்கிற ஆளெண்டு தெரிஞ்சா அவ ஏற்கெனவே முன்னுக்கு வந்துதான் நிப்பா. மணல்ல பலமா உருட்டி இடைவெளியால போக்குறதுதான் என்ட எண்ணம். நீங்க ஒத்துக்கொள்ள மாட்டீங்க, தெரியும்.

கல்லடிக் காத்து:
இண்டைக்குப் பின்னேரம் கடற்கரையில பாத்தம். மணல்ல பொக்ஸ் கீறி, முன் கோட்டில என்ட செருப்பை வச்சு, முன்னால இருந்து மெதுவா எறிஞ்சன். முதல் பத்துப் பந்தில கால் அடையாளம் ஆறு தரம் செருப்புக்கு அங்கால, எல்லா அடையாளமும் முதல் பேஸ் பக்கம் சரிஞ்சு கிடந்திச்சு, அம்பயருக்குத்தான் நன்றி சொல்லோணும். மறுகா பின்னுக்கு நிப்பாட்டி, சோர்ட்ஸ்டொப் பக்கம் ஒரு கோடு கீறி அதுக்கு மேலால கால் வைக்கச் சொன்னன். அடுத்த பத்தில ஒருக்காத்தான் வெளிய. ஆனா அஞ்சு பந்து மட்டையிலயே படல்ல, காலைப் பாத்துக்கொண்டு பந்தை விட்டிட்டா.

சம்மாந்துறை நானா:
அது பழகும். ரெண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு ஸ்லாப் கோட்டுக்கு வெளிய பவுலா போனா, மட்டையைச் சும்மா வச்சுத் தட்டுற பண்ட் மாதிரி அவுட்டா? எங்கட மெட்ச்ல ஒரு சண்டையே நடந்திச்சு.

பழைய கேட்சர்:
மட்டையை வீசினாளா, சும்மா வச்சுத் தட்டினாளா எண்டு அம்பயர் பாத்த பார்வைதான். தட்டினது எண்டு அவர் நினைச்சா அவுட். அரை வீச்சு வீசுற புள்ளையளுக்கு இதில வில்லங்கம்தான், மெட்ச் தொடங்க முதல் அம்பயரிட்ட கேட்டு வைக்கிறது நல்லம்.

கல்முனைப் பெடியன்:
இவ்வளவு கணக்கா? நான் கிரிக்கெட்டுக்கே போறன் மச்சான்.